சரிவில் நின்ற ரோலர்: ‘செங்குத்து’ என்ற சொல்லும் கணக்கில் வராத 18.5 கிலோநியூட்டனும்

பின்னணி

கால்வாய் ஒன்றின் குறுக்கே 6 மீட்டர் நீள எஃகு நடைபாலம் அமைக்கும் வேலை. பாலத்தை இணையாக ஓடும் இரண்டு பீம்கள் தாங்குகின்றன. இடது முனை A, 2.5 மீட்டர் உயர எஃகுத் தூணின் தலையில் முளை போட்டு ஹிஞ்சாகப் பொருத்தப்படுகிறது. வலது முனை B, எதிர்க்கரையின் கான்கிரீட் சரிவில் பதித்த எஃகுத் தட்டின் மேல் ரோலராக உட்காருகிறது. அந்தச் சரிவு கிடைமட்டத்துக்கு 30° சாய்ந்தது. கால்வாயிலிருந்து விலகிப் போகப் போக, அதாவது வலப்பக்கமாக, மேலே ஏறுகிறது.

ஒரு பீமின் பங்குக்கு வரும் சுமைகள் இரண்டு. சுய எடை, தளத்தகடு, நடப்பவர்கள் எல்லாம் சேர்ந்து மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் (இனி கி.நி.), முழு நீளத்துக்கும் சீராக, மொத்தம் 24 கி.நி. இது தவிர, மதகைத் தூக்கும் இயந்திரத்தின் ஒரு கால் A-யிலிருந்து 4 மீட்டரில் நிற்கிறது; அதன் சுமை 30 கி.நி. இரண்டும் நேர் கீழ்நோக்கியவை. பாதுகாப்புக் காரணி எதுவும் பெருக்காத எண்கள்தான் இந்த ஆய்வு முழுவதிலும் வருகின்றன.

கணக்கைப் போட்டவர் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன பொறியாளர். சரிபார்த்தவர் அதே அலுவலகத்தின் மூத்த பொறியாளர். கணக்கு மேசைக்கு வந்தபோது தூணின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. முடிவுகள் எடுக்கும்போது இது பெரிய தடையாக நின்றது.

முதல் கணக்கு

வரைபடத்தின் குறிப்பில் B முனைக்கு நேராக “ரோலர், எதிர்விசை செங்குத்து” என்று இருந்தது. எழுதியவர் சொல்ல வந்தது, எதிர்விசை தட்டின் பரப்புக்குச் செங்கோணத்தில் இருக்கும் என்பது. படித்தவர் புரிந்துகொண்டது, எதிர்விசை நேர் மேல்நோக்கி இருக்கும் என்பது. நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறோம். தளம் கிடையாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றேதான், யாருக்கும் தொல்லை இல்லை. தளம் சாய்ந்த உடனே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் நேர் மேல்கீழ்த் திசைக்கு ‘நிலைக்குத்து’ என்றும், பரப்புக்குச் செங்கோணமான திசைக்கு ‘செங்குத்து’ என்றும் எழுதுகிறோம்.

எதிர்விசையை நிலைக்குத்தாக வைத்துப் போட்ட கணக்கு மிக எளிது:

```
A-யைச் சுற்றி:  By × 6 = 24 × 3 + 30 × 4 = 192
By = 32 kN
Ay = 54 − 32 = 22 kN
Ax = 0
```

கிடைச்சுமை எதுவும் இல்லாததால் கிடை எதிர்விசையும் இருக்காது என்று கணக்கின் ஓரத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. பிழையின் வேர் அந்த வரிதான். சுமைகள் அனைத்தும் நிலைக்குத்தாகவே இருந்தாலும், தாங்கி சாய்ந்திருந்தால் அந்தத் தாங்கியே ஒரு கிடைத்தள்ளலை உண்டாக்கும். ரோலரால் தன் தளத்துக்குச் செங்குத்தாக மட்டுமே தள்ள முடியும். சரிவின் மேல் அது மேலே தள்ளும்போது பக்கவாட்டிலும் தள்ளியே தீரும்.

வடிவமைப்பு இந்த எண்களோடுதான் முன்னே போனது. தூண் 22 கி.நி. அழுத்தத்தை மட்டும் தாங்கினால் போதும் என்று மெலிதான குழாய்க் குறுக்குவெட்டும், அடித்தட்டுக்குச் சிறிய நான்கு நங்கூர போல்ட்டுகளும் தேர்வாயின.

இரண்டாம் கணக்கும் மூடாத வரைபடமும்

மூத்த பொறியாளர் தாளைப் பார்த்து, சரிவைக் கணக்கில் எடுக்கவில்லையே என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவை சரிவு கணக்கில் வந்தது, ஆனால் தவறான இடத்தில். முன்பு கிடைத்த 32-ஐ அப்படியே சரிவுத் தளத்துக்குச் செங்குத்தான எதிர்விசையாக வைத்துக்கொண்டு, அதை இரண்டு கூறுகளாகப் பிரித்திருந்தார்:

```
R  = 32 kN   (தவறு)
By = 32 cos 30° = 27.71 kN
Bx = 32 sin 30° = 16.00 kN
Ay = 54 − 27.71 = 26.29 kN
Ax = 16.00 kN
```

தாளின் கடைசியில் சரிபார்ப்பும் இருந்தது. மேல்நோக்கிய விசைகள் 26.29 + 27.71 = 54, சுமைக்குச் சமம். கிடைவிசைகள் 16-க்கு 16, அதுவும் சமம். இரண்டுக்கும் பக்கத்தில் சரி என்ற குறி.

இந்தச் சரிபார்ப்பால் எதுவும் தெரியாது. Ay-யைக் கண்டுபிடித்ததே 54-இலிருந்து கழித்துத்தான்; திரும்பக் கூட்டினால் 54 வராமல் வேறென்ன வரும்? By என்ன எண்ணாக இருந்தாலும் அந்தக் கூட்டல் பொருந்திவிடும். விடையைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்திய சமன்பாட்டை வைத்து அதே விடையைச் சோதிக்க முடியாது.

பிழையைக் காட்டிக்கொடுத்தது வளைவு மொமென்ட் வரைபடம். A-யிலிருந்து தொடங்கி B வரை வரைந்தபோது, ரோலர் முனையில் மொமென்ட் சுழிக்கு வரவில்லை:

```
M(B) = 26.29 × 6 − 24 × 3 − 30 × 2 = 25.7 kN·m
```

ரோலரால் மொமென்ட்டைத் தாங்க முடியாது. ஆகவே அந்த முனையில் வரைபடம் சுழியில்தான் முடிய வேண்டும். “ரவுண்டிங் பிழையா இருக்கும்னு நினைச்சேன், சார்” என்றார் இளையவர். இரண்டு தசம இடம் வைத்துப் போட்ட கணக்கில் ரவுண்டிங்கால் 0.05 வித்தியாசம் வரலாம், 25.7 வராது. பீமின் உச்ச மொமென்ட்டே 56 கி.நி.மீ. தான். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவு காணாமல் போயிருக்கிறது என்றால் கணக்கின் அடிப்படையிலேயே ஏதோ தவறு.

32 என்பது எது?

A-யைச் சுற்றி மொமென்ட் எடுக்கும்போது B-யில் உள்ள எதிர்விசையின் எந்தப் பகுதி கணக்கில் வருகிறது என்பதுதான் கேள்வி. A-யும் B-யும் ஒரே மட்டத்தில் இருப்பதால் கிடைக்கூறு A வழியாகவே போகிறது. அதன் நெம்புதூரம் சுழி. 6 மீட்டர் நெம்புதூரம் இருப்பது நிலைக்குத்துக் கூறுக்கு மட்டும். ஆகவே 192-ஐ 6-ஆல் வகுத்தால் கிடைக்கும் 32, எதிர்விசையின் நிலைக்குத்துக் கூறு. முழு எதிர்விசை R அதைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். R-ஐ cos 30°-ஆல் பெருக்கினால் 32 வர வேண்டும். 32-ஐ cos 30°-ஆல் பெருக்கக் கூடாது.

அடுத்தது திசை. தளம் வலப்பக்கம் ஏறுகிறது. அதன் செங்குத்து, நிலைக்குத்திலிருந்து அதே 30° அளவுக்கு இடப்பக்கம் சாயும். ரோலர் தளத்தை அழுத்துகிறது. தளம் ரோலரை மேலேயும் இடப்பக்கமும், அதாவது பீமைத் தூண் பக்கமாகத் திருப்பித் தள்ளுகிறது. சரிவு மறுபக்கம் இறங்கியிருந்தால் கிடைக்கூறு வலப்பக்கம் திரும்பி, பீம் இழுவிசையில் இருந்திருக்கும். அளவு மாறாது, குறி மட்டும் மாறும். இங்கே பீம் அழுத்தத்தில் இருக்கிறது.

```
R cos 30° × 6 = 192
R  = 32 / cos 30° = 36.95 kN
By = 32.00 kN   (மேல்)
Bx = 32 tan 30° = 18.48 kN   (இடப்பக்கம்)
Ay = 54 − 32 = 22.00 kN   (மேல்)
Ax = 18.48 kN   (வலப்பக்கம்)
```

A-யில் இரண்டையும் சேர்த்தால் 28.73 கி.நி., கிடைமட்டத்துக்கு 50° சாய்ந்து.

sin, cos எதைப் போடுவது என்ற குழப்பத்துக்கு ஒரு சிறிய சோதனை போதும். கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். தளம் கிடையானால் R அப்படியே 32 ஆக வேண்டும், கிடைக்கூறு மறைய வேண்டும். 32/cos 0° = 32, சரி. தவறுதலாக sin போட்டிருந்தால் 32/sin 0° என்று வகுக்க முடியாமல் நிற்கும். அதே தவறு 30°-இல் 64 கி.நி. என்ற விடையைத் தரும்; பார்க்க நம்பத்தகுந்த எண்ணாக இருப்பதால் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

இந்த முறை சரிபார்ப்புக்கு இதுவரை தொடாத சமன்பாடு ஒன்று எடுக்கப்பட்டது. B-யைச் சுற்றி: 22 × 6 = 132; சுமைகளால் 24 × 3 + 30 × 2 = 132. பொருந்தியது. மொமென்ட் வரைபடமும் இயந்திரக் காலின் கீழ் 56 கி.நி.மீ. உச்சத்தைத் தொட்டு B-யில் சுழிக்கு வந்தது.

மூத்தவர் இன்னொரு சோதனையைப் பென்சிலால் செய்து காட்டினார். பீமின் மேல் மூன்றே விசைகள்: A-யின் எதிர்விசை, B-யின் எதிர்விசை, இரண்டு சுமைகளும் சேர்ந்த 54 கி.நி. சமநிலையில் உள்ள மூன்று விசைகள் இணையாக இல்லாவிட்டால் ஒரே புள்ளியில் சந்தித்தாக வேண்டும். 54 கி.நி. செயல்படும் இடம் 192 / 54 = 3.56 மீட்டர். அங்கே ஒரு நிலைக்குத்துக் கோடு. B-யிலிருந்து இடப்பக்கம் சாய்ந்த 30° கோடு. இரண்டும் பீமுக்கு 4.23 மீட்டர் மேலே வெட்டின. 1:50 அளவில் வரைந்த தாளில் அது 85 மி.மீ. வெட்டுப்புள்ளியை A-யோடு இணைத்துக் கோணமானியை வைத்தால் 50°. கணக்கில் வந்ததும் அதுவே. ஐந்து நிமிட வேலை. திசையில் செய்யும் எந்தத் தவறும் இந்தப் படத்திலிருந்து தப்பாது. மேல்நோக்கிய விசையை வலப்பக்கம் சாய்த்து வரைந்திருந்தால், கோடு சுமைக்கோட்டைப் பீமுக்குக் கீழேதான் வெட்டியிருக்கும். A-யின் கிடைவிசை எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

பீம் தப்பியது, தூண் மாட்டியது

சரியான எண்கள் வந்த பிறகு எது எது மாறுகிறது என்று பார்த்தார்கள். பீமின் வளைவு மொமென்ட் முதல் கணக்கிலிருந்து மாறவே இல்லை. வளைவை உண்டாக்குவது நிலைக்குத்துக் கூறுகள் மட்டும். அவை முதலிலேயே 22-உம் 32-உமாகச் சரியாக இருந்தன. புதிதாகச் சேர்ந்தது பீமின் நீளவாக்கில் 18.48 கி.நி. அழுத்தம். அதைச் சேர்த்துப் பார்த்தபோதும் தேர்ந்தெடுத்த குறுக்குவெட்டு தாங்கியது.

தூணின் கதை வேறு. A-யில் பீமின் மேல் வலப்பக்கமாக 18.48 செயல்படுகிறது என்றால், தூணின் தலையில் அதே விசை இடப்பக்கமாகச் செயல்படும். பீமுக்குப் போட்ட அம்புக்குறியைத் திருப்பாமல் தூணுக்கு எடுத்துப் போவது அடிக்கடி நடக்கும் பிழை. இங்கே அது நடந்திருந்தால் இழுவைக்கு உள்ளாகும் போல்ட் வரிசை எதிர்ப்பக்கமாக மாறியிருக்கும்.

பாலத்தின் நீளவாக்கில் தூணுக்குச் சாய்வுத் தாங்கல் கிடையாது. தலையில் 18.48, உயரம் 2.5 மீட்டர்: அடியில் 46.2 கி.நி.மீ. மொமென்ட். வடிவமைப்பில் இந்த இடத்தில் எழுதியிருந்தது சுழி. அடித்தட்டில் கால்வாய்ப் பக்க போல்ட் வரிசைக்கும் மறுபக்க அழுத்தப் பகுதிக்கும் இடையே 0.3 மீட்டர் என்று தோராயமாக எடுத்தால்:

```
T = (46.2 − 22 × 0.15) / 0.3 = 143 kN
```

ஒரு வரிசையில் இரண்டு போல்ட். ஒவ்வொன்றுக்கும் 71 கி.நி.க்கு மேல் இழுவை. தேர்ந்தெடுத்திருந்த சிறிய நங்கூரங்கள் இந்த இழுவைக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல.

தூண் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் இந்தத் தள்ளல் குறைந்துவிடாதா என்று இளையவர் கேட்டார். நல்ல கேள்விதான். இரு முனைகளும் ஹிஞ்சாக இருந்து வெப்பத்தால் வரும் தள்ளலாக இருந்தால் குறையும். இங்கே குறையாது. இந்த 18.48, உறுப்புகளின் விறைப்பைப் பொறுத்து வந்ததல்ல, சமநிலையிலிருந்து நேராக வந்தது. தூண் இடப்பக்கம் சாய்ந்தால் ரோலர் சரிவில் கொஞ்சம் கீழே உருண்டு வந்து மறுபடி அதே விசையோடு தள்ளும். சாயச் சாயத் துரத்தும்.

எடுத்த முடிவு

மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. தூணையும் போல்ட்டுகளையும் பெரிதாக்குவது முதலாவது. அடித்தளம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அதுவும் 46 கி.நி.மீ. மொமென்ட்டுக்கு அளவிடப்படாதது. அதை உடைத்துத் திரும்பப் போட வேண்டும் என்பதால் கைவிடப்பட்டது.

இரண்டாவது, முனைகளை மாற்றுவது: கரையில் ஹிஞ்ச், தூணின் கிடையான தலையில் ரோலர். இதில் கிடைவிசை எங்கும் எழாது. வரைபட நிலையிலேயே யோசித்திருந்தால் இதுதான் மிக மலிவான வழி. ஆனால் தூண்தலை முளைத்தாங்கியோடு தயாராகிவிட்டது. ரோலர் உருள்வதற்கு அதில் இடமும் இல்லை.

தேர்வானது மூன்றாவது: சரிவின் மேல் தட்டுகளால் பற்றவைத்த ஓர் ஆப்பை வைத்து, ரோலர் உட்காரும் பரப்பைக் கிடையாக்குவது. மேற்பரப்பின் நீளம் 250 மி.மீ.; தாழ்ந்த பக்க உயரம் 250 tan 30° = 144 மி.மீ., ஏறுபக்கத்தில் கூராக முடிகிறது. பரப்பு கிடையானதும் பீமுக்கு B-யில் வருவது நிலைக்குத்தான 32 மட்டும். தூணுக்கு 22 மட்டும். முதல் கணக்கின் எண்கள் அனைத்தும் இப்போது உண்மையாயின. எண்களுக்கு ஏற்றபடி தாங்கி மாற்றப்பட்டது என்றே சொல்லலாம்.

சரிவின் விளைவு இதனால் மறைந்துவிடவில்லை, ஆப்புக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. 32 கி.நி. நிலைக்குத்துச் சுமையைச் சரிவுத்தளத்தில் பிரித்தால் தளத்துக்குச் செங்குத்தாக 27.71, தளத்தின் வழியே கீழ்நோக்கி 16. இரண்டாம் கணக்கில் தவறாக வந்த அதே இரண்டு எண்கள்! அங்கே தவறாக இருந்ததற்குக் காரணம், 32 கி.நி. செங்குத்து எதிர்விசை அல்ல என்பது. இங்கே 32 உண்மையிலேயே முழு விசை, பிரிக்க வேண்டியதும் அதுவே.

உராய்வு மட்டும் ஆப்பைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் உராய்வுக் குணகம் குறைந்தது tan 30°, அதாவது 0.58 இருக்க வேண்டும். ஈரமும் பாசியும் படியும் கரையில் அதை நம்ப முடியாது. ஆகவே உராய்வைக் கணக்கில் எடுக்காமல், முழு 16 கி.நி.யையும் நான்கு நங்கூரங்கள் வெட்டுவிசையாக ஏற்கும்படி, ஒன்றுக்கு 4 கி.நி. வீதம், வடிவமைத்தார்கள்.

வெப்ப நகர்வும் பார்க்கப்பட்டது. எஃகுக்கு டிகிரிக்கு 12 × 10⁻⁶ என்று வைத்தால், 30 டிகிரி மாற்றத்துக்கு 6 மீட்டர் பீம் 2.2 மி.மீ. நீளும். கிடைப்பரப்பில் ரோலர் அந்த அளவு உருண்டால் போதும். சரிவிலேயே விட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் B முனை 1.2 மி.மீ. ஏறி இறங்கியிருக்கும்; சிறிய அளவுதான், ஆனால் தளத்தகடுகளின் இணைப்புகளில் அது தெரியும்.

பின் நடந்தது

ஆப்பு பொருத்திய அன்று ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் மேற்பரப்பு கொஞ்சம் கால்வாய்ப் பக்கம் சாய்ந்திருந்தது. கரையின் சரிவு எல்லா இடத்திலும் சரியாக 30° இல்லை. மேல் தட்டுக்கு அடியில் மெல்லிய தகடுகளைச் செருகி மட்டமாக்கிய பிறகே ரோலர் இறக்கப்பட்டது. 1° விட்டிருந்தாலும் 32 tan 1° = 0.56 கி.நி. தூண்தலைக்குப் போயிருக்கும், அடியில் 1.4 கி.நி.மீ. அதைத் தூண் தாங்கும் என்றாலும், சரிசெய்ய ஒரு மணி நேரமே ஆகும் வேலை என்பதால் செய்து முடித்தார்கள். தளத்தகடு போடுவதற்கு முன்னும், இயந்திரம் ஏற்றிய பின்னும் தூண்தலையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் நூல் ஒரே குறியில் நின்றது.

அடுத்த முறை மாறுபவை

மூன்றாம் கணக்கிலும் விட்டுப்போன ஒன்று பிறகு தெரிந்தது. ரோலரின் அச்சு பீமின் மையக்கோட்டில் இல்லை, 0.2 மீட்டர் கீழே இருந்தது. A-யின் முளை மையக்கோட்டிலேயே இருந்தது. சரிவு அப்படியே இருந்திருந்தால் கிடைக்கூறுக்கும் நெம்புதூரம் கிடைத்திருக்கும்:

```
By × 6 − (By tan 30°) × 0.2 = 192
By = 32.63 kN,  Bx = 18.84 kN,  R = 37.68 kN
```

இரண்டு சதவீத வித்தியாசம். இந்தப் பாலத்துக்குப் பெரிதல்ல. ஆனால் குட்டையான பீமில், அல்லது சரிவு 60°-ஐ நெருங்கும்போது, இதைத் தள்ளிவிட முடியாது. 60°-இல் இதே சுமைக்கு R 64 ஆகவும் கிடைக்கூறு 55 ஆகவும் ஏறிவிடும். 90°-இல், அதாவது தளம் சுவராக நிமிர்ந்துவிட்டால், எதிர்விசை A வழியாகவே போகும். பீமைத் தூக்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. விடை முடிவிலிக்குப் போவது கணிதத்தின் கோளாறு அல்ல, பீம் கீழே விழும் என்று சொல்கிறது. இப்போது அந்த அலுவலகத்தில் சாய்ந்த தாங்கி வந்தால் ரோலர் அச்சின் மட்டத்தையும் வரைபடத்தில் குறிக்கிறார்கள்.

தாங்கிக் குறிப்பில் ‘செங்குத்து’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் தளத்தின் மேல் எதிர்விசையின் திசையில் ஓர் அம்புக்குறி, அதற்கும் கிடைமட்டத்துக்கும் இடையே உள்ள கோணம். இந்தப் பாலத்தின் பழைய தாளில் அது 60° என்று சிவப்பு மையில் திருத்தப்பட்டிருக்கிறது.